ஆய்வில் ஆறு மாத இடைவெளிக்கு அனுமதி கோரும் கடிதம்

தஞ்சாவூர்,
18.11.2025

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பல்கலைக்கழக மானியக் குழு,
புது தில்லி.

(வழி: ஆய்வு நெறியாளர், துறைத் தலைவர்)

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று, நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி குறித்து விலங்கியலில் இரண்டாம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கடந்த வாரம் எனக்கு நுரையீரல் காசநோய் உறுதியானது. சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். எனவே 1.12.2025 முதல் 31.5.2026 வரை ஆய்வை நிறுத்திவைக்க அனுமதி வேண்டுகிறேன்.

வீட்டிலிருந்தே எழுதலாமே என்று தோன்றலாம். ஆனால் என் தரவு முழுவதும் வயலிலிருந்தும் பூச்சி வளர்ப்புக் கூண்டுகளிலிருந்தும் வருவது. எழுத இன்னும் போதிய தரவு கையில் இல்லை. சம்பாவின் பிற்பகுதி கைநழுவும். ஜூனில் திரும்பினால் குறுவை நடவிலிருந்தே கணக்கெடுப்பைத் தொடங்கிவிடலாம். அதுவரை கூண்டுகளைச் சக ஆய்வாளர் பார்த்துக்கொள்வார்.

இந்த ஆறு மாதத்துக்கு மாதம் ரூ.37,000 உதவித்தொகையோ வீட்டு வாடகைப்படியோ கேட்கவில்லை. உதவித்தொகைக் காலத்தின் முடிவை மட்டும் ஆறு மாதம் தள்ளிவைத்துத் தர வேண்டுகிறேன். அப்புறம், டிசம்பரிலிருந்து பல்கலைக்கழகத்தின் மாதாந்திர உறுதிச் சான்று வராது. அதை நான் ஆய்விலிருந்து விலகிவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

மருத்துவச் சான்று, நெறியாளரின் பரிந்துரை, முன்னேற்ற அறிக்கை ஆகியவற்றை இணைத்துள்ளேன். திரும்பும்போது உடற்தகுதிச் சான்று தருவேன். இம்மாத இறுதிக்குள் ஆணை கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
க. மலர்விழி