கண்மாய் நிறைந்த நாள்: உவமை, உருவகம், மனிதப்பண்பேற்றம் – பயிற்சித்தாள்

ஒன்பதாம் வகுப்பு – தமிழ்
இரண்டு பாடவேளை, 25 மதிப்பெண்
விடைகளைத் தமிழ் நோட்டில் எழுதுங்கள். தாளைக் கிழித்து ஒட்ட வேண்டாம்.

முதலில் இதைப் படியுங்கள்

போன தேர்வில் "மழை வரும்போல இருக்கிறது" என்பதற்குப் பாதி வகுப்பு உவமை என்று எழுதியிருந்தது. 'போல' கண்ணில் பட்டதும் கை தானாக ஓடிவிட்டது. உருபைத் தேடிப் பிடிப்பதை இன்றைக்கு விட்டுவிடுவோம். வரி என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

"அப்பளம் போல நிலா." இங்கே இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நிலா நிலாதான், அப்பளம் அப்பளம்தான். வட்டமும் வெளிறிய நிறமும் மட்டும் இரண்டுக்கும் பொது. இது உவமை. உருபுகளை நன்னூல் "போலப் புரைய ஒப்ப உறழ மானக் கடுப்ப இயைய ஏய்ப்ப நேர நிகர அன்ன இன்ன" என்று அடுக்கி, பிறவும் உண்டு என்கிறது. மனப்பாடம் செய்ததோடு நிற்காதீர்கள். உருபு மறைந்தும் வரும்.

"வானத்தில் ஓர் அப்பளம்." இப்போது நிலாவே அப்பளமாகிவிட்டது. பக்கத்தில் நிற்க இன்னொரு பொருள் இல்லை. இது உருவகம். கூட்டுச்சொல்லாக வந்தால் சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை. முகமதி என்றால் முகமாகிய மதி, உருவகம். சொல்லப்படும் பொருள் முன்னால் வந்து, ஒப்பாக வந்தது பின்னால் நின்றால் உருவகம். தேர்வில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

"நிலா கூரை வழியே எட்டிப் பார்த்தது." இங்கே அப்பளமும் இல்லை, ஒப்பிடவும் இல்லை. நிலா ஓர் ஆளைப்போல நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதை மனிதப்பண்பேற்றம் என்போம். தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் இப்படியொரு தனிப்பெயர் கிடையாது. ஆனால் நம்மவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நன்னூல் சொல்வதைப் பாருங்கள்:

கேட்குந போலவும் கிளக்குந போலவும்
இயங்குந போலவும் இயற்றுந போலவும்
அஃறிணை மருங்கினும் அறையப் படுமே.

கேட்பது, பேசுவது, நடப்பது, ஒன்றைச் செய்வது: இவற்றை அஃறிணைக்கும் ஏற்றிச் சொல்லலாம் என்பது இதன் பொருள்.

பகுதி அ: கவிதை (6 × 2 = 12)

இந்தக் கவிதை நான் எழுதியது. நன்றாக இல்லை என்று சொல்பவர்களுக்கு மதிப்பெண் குறையாது. வரி எண் பார்த்து விடை எழுதுங்கள்.

1. மூன்று ஆண்டு மழையில்லாக் கண்மாய்
2. வெடித்த நாக்கை நீட்டி வானத்தைத் திட்டிக் கிடந்தது.
3. ஐப்பசி இரவில் உடைந்த பானைபோல் ஒழுகியது வானம்.
4. விடிந்தபோது கண்மாய் ஒரு கண்ணாடி;
5. கரைப் பனைகள் முகம் பார்த்துத் தலைசீவிக் கொண்டன.
6. காயப்போட்ட வேட்டிகளாய்க் கொக்குகள்.
7. மடை திறந்தது.
8. வாய்க்கால் என்னும் வெள்ளிப் பாம்பு வயலுக்குள் ஊர்ந்தது.
9. கலுங்கு வழிந்த நீர் "கீழூருக்குப் போயிட்டு வாரேன்" என்றது.
10. கரையில் தாத்தா, அவர் கண்ணுக்குள் ஒரு சின்னக் கண்மாய்.

கேள்விகள்:

1. வரி 2-இல் கண்மாயை ஆளாக்கும் சொற்கள் எவை?
2. வரி 4-ஐ உவமையாக மாற்றி எழுதுக. மாற்றியதால் எது குறைகிறது?
3. வரி 4 இல்லாமல் வரி 5 நிற்குமா?
4. வரி 6 உவமையா, உருவகமா? காரணத்துக்குத்தான் மதிப்பெண்.
5. வரி 8-இல் 'ஊர்ந்தது' என்பது மனிதப்பண்பேற்றம் ஆகுமா?
6. வரி 10-இல் கண்மாயாக மாறிய பொருளின் பெயரே கவிதையில் இல்லை. அது எது?

பகுதி ஆ: ஏமாற்றும் வரிகள் (5 × 1 = 5)

எந்த அணியும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். அதுவும் சரியான விடையே.

1. மழை வரும்போல இருக்கிறது.
2. தங்கை அம்மாவைப் போலவே சிரிக்கிறாள்.
3. விழிக்கயல் துள்ளியது.
4. கயல்விழி வந்தாள்.
5. கடிகாரம் சரியாக ஓடுகிறது.

பகுதி இ: பழம்பாடல் (2 × 3 = 6)

ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்கின்றன, எந்தச் சொல்லில் இருக்கின்றன என்று எழுதுக. ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

1. செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து
இல்லாளின் ஊடி விடும். (குறள் 1039)

2. வையை என்ற பொய்யாக் குலக்கொடி
தையற் குறுவது தானறிந் தனள்போல்
புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக்
கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி (சிலப்பதிகாரம், மதுரைக் காண்டம்)

பகுதி ஈ: நீங்கள் எழுதுங்கள் (2)

வீட்டில் தினமும் பார்க்கும் ஒரு பொருள். அதைப் பற்றிய ஒரே செய்தியை உவமையாக, உருவகமாக, மனிதப்பண்பேற்றமாக மூன்று வரிகளில் எழுதுக. நிலா, மலர், கடல் மூன்றுக்கும் இன்றைக்கு விடுமுறை.

விடையும் விளக்கமும் (எழுதி முடித்த பிறகு திருப்புங்கள்)

அ1. 'நாக்கை நீட்டி', 'திட்டி'. நாக்கு நாய்க்கும் உண்டு. திட்டுவது மனிதன் மட்டுமே. அதனால் 'திட்டி' என்பதை விட்டுவிட்டு நாக்கை மட்டும் எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண். வெடித்த சேற்றுக்குப் பதில் 'வெடித்த நாக்கு' என்று வந்திருப்பதால் உள்ளே ஓர் உருவகமும் இருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்குப் பாராட்டு.

அ2. "விடிந்தபோது கண்மாய் கண்ணாடி போல் இருந்தது." பொருள் அப்படியே இருக்கிறது, ஆனால் விறைப்பு போய்விட்டது. மூன்று ஆண்டு காய்ந்த இடம் ஒரே ராத்திரியில் வேறொன்றாகிவிட்ட அதிர்ச்சியை 'போல்' மெதுவாக்கிவிடுகிறது.

அ3. நிற்காது, அல்லது நொண்டும். கண்மாய் கண்ணாடியாகிவிட்டதால்தான் பனை முகம் பார்க்க முடிகிறது. உருவகம் போட்ட மேடையில் மனிதப்பண்பேற்றம் ஏறி நிற்கிறது. கவிதைகளில் இவை தனித்தனியாக வருவதைவிட இப்படிக் கைகோத்து வருவதே அதிகம்.

அ4. இரண்டையும் ஏற்றுக்கொள்வேன். 'ஆய்' என்பதை 'ஆகி' என்று விரித்தால் கொக்குகள் வேட்டிகளாகிவிட்டன, உருவகம். இன்றைய பேச்சில் "பேயாய் அலைகிறான்" என்றால் 'பேயைப் போல' என்றுதான் காதில் விழுகிறது, அப்படிக் கொண்டால் உவமை. 'ஆய் வந்தால் உருவகம்' என்று வாய்பாடாக எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண்தான். பழம்பாடலில் "வையம் தகளியா வார்கடலே நெய்யாக" என்று பொய்கையாழ்வார் பாடும்போது ஐயமே இல்லை. உலகமே அகல்விளக்கு, கடலே நெய்.

அ5. ஆகாது. 'என்னும்' வாய்க்காலைப் பாம்பாக்கிவிட்டது, அது உருவகம். பாம்பானபின் ஊர்வது பாம்பின் வேலை, மனிதனின் வேலை இல்லை. உயிரில்லாதது அசைந்தால் உடனே மனிதப்பண்பேற்றம் என்று எழுதாதீர்கள். வரி 9-ஐப் பாருங்கள்: நீர் வாய்திறந்து விடைபெறுகிறது. அதுவே சரியான எடுத்துக்காட்டு.

அ6. கண்ணீர். உருவகத்தில் சொல்லப்படும் பொருள் இப்படி முழுதாக மறைந்தும் நிற்கும். கண்ணில் கண்மாய் தெரியும் நிழல் என்று ஒருவர் எழுதலாம். அதுவும் பொருந்துகிறது, மதிப்பெண் உண்டு.

ஆ1. இல்லை. இந்தப் 'போல' ஊகம். மழை எதோடும் ஒப்பிடப்படவில்லை.

ஆ2. ஒப்பீடு இருக்கிறது, அணி இல்லை என்பேன். மகள் சிரிப்பு தாயின் சிரிப்பைப் போல இருப்பது வெறும் உண்மை. 'சில்லறை கொட்டியதுபோல் சிரித்தாள்' என்றால் உவமை.

ஆ3. உருவகம். விழியாகிய கயல். மீனாகிவிட்டதால் துள்ளுகிறது.

ஆ4. உள்ளே இருப்பது உவமை: கயல் போன்ற விழி. அந்த விழியை உடையவளுக்கே அது பெயராகிவிட்டதால் அன்மொழித்தொகை. நம் வகுப்பிலேயே யாருக்காவது இந்தப் பெயர் இருந்தால் தினமும் வருகைப்பதிவில் ஓர் உவமை வாசிக்கப்படுகிறது என்று பொருள்.

ஆ5. இல்லை. எப்போதோ உருவகமாகத் தொடங்கியிருக்கலாம், இன்றைக்குத் தேய்ந்து சாதாரணச் சொல்லாகிவிட்டது. கவிதையின் ஏழாம் வரியில் வரும் மடைக்கு 'மடைவாய்' என்று பேர் சொல்வோம். அந்த வாயை யாரும் வாயாக நினைப்பதில்லை அல்லவா?

இ1. நிலத்துக்குச் சொந்தக்காரன் தினமும் போய்ப் பார்க்காமல் வீட்டில் கிடந்தால், நிலம் மனைவியைப்போலக் கோபித்து ஊடிக்கொள்ளும். 'இல்லாளின்' என்பதில் உவமை. இங்கே 'இன்' ஒப்புப்பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமை உருபு, 'இல்லாளைப் போல' என்று பொருள். 'இல்லாளுடைய' என்று படித்தவர்கள் குறளையே இழந்துவிட்டார்கள். 'புலந்து', 'ஊடிவிடும்' இரண்டும் மனிதப்பண்பேற்றம். அடுத்த குறளையும் பாருங்கள்: "இலமென்று அசைஇ இருப்பாரைக் காணின் நிலமென்னும் நல்லாள் நகும்." அங்கே 'போல' பொருளே இல்லை. 'என்னும்' வந்து நிலத்தையே நல்லாள் ஆக்கி, சிரிக்கவும் வைத்துவிட்டது. முதல் குறளில் பெண்ணைப் பக்கத்தில் வைத்தவர், அடுத்ததில் நிலத்தையே பெண்ணாக்கிவிட்டார்.

இ2. கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்கு வெளியே வையையைக் கடக்கப்போகும் இடம். 'என்ற' வையையைக் குலக்கொடியாக்குகிறது, உருவகம். மலர் ஆடையாகிறது, அதுவும் உருவகம். ஆடை போர்த்துவது, கண்ணீரை மறைத்து அடக்குவது மனிதப்பண்பேற்றம். இனி 'அறிந்தனள்போல்'. இந்தப் 'போல்' உவமை இல்லை. வையையை இன்னொரு பொருளோடு இங்கே யாரும் ஒப்பிடவில்லை. ஆற்றில் பூ மிதந்து நீரை மறைப்பது இயல்பாக நடப்பது. கண்ணகிக்கு வரப்போகும் துயரை முன்பே தெரிந்துகொண்டு ஆறு அழுகிறது என்று இளங்கோவடிகள் தம் கருத்தை அதன்மேல் ஏற்றுகிறார். இதற்குப் பெயர் தற்குறிப்பேற்ற அணி. பொதுத்தேர்வில் இந்த அடிகள் வந்தால் எழுதவேண்டிய விடை அதுதான். இயல்பான நிகழ்ச்சி ஒன்று, அதற்குக் கவிஞர் கற்பித்த காரணம் ஒன்று: இரண்டும் இருந்தால் தற்குறிப்பேற்றம். கற்பித்த காரணம் இல்லாமல் வெறுமனே ஆளாக்கினால் மனிதப்பண்பேற்றத்தோடு நின்றுவிடும். என் கவிதையின் பனைமரம் அப்படித்தான் நின்றுவிட்டது.

ஈ. ஒரு மாதிரி, எங்கள் வீட்டு மாவரைக்கும் கிரைண்டர்:

உவமை: கிரைண்டர் மூட்டுவலிக் கிழவியைப் போல முனகுகிறது.
உருவகம்: அடுக்களை மூலையில் ஒரு மூட்டுவலிக் கிழவி, பொத்தானைத் தட்டினால் எழுந்துகொள்வாள்.
மனிதப்பண்பேற்றம்: உளுந்தைப் போட்டதும் கிரைண்டர் "இன்னைக்குமா?" என்று அலுத்துக்கொண்டது.