விண்ணப்பம்: தங்கள் யூனிட்டில் துணிச் சோதனை மற்றும் செக்கிங் பொறுப்பு

மதிப்பிற்குரிய திரு. செந்தில்வேலன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கோ. மகேஸ்வரி. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் செக்கிங் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவற்றில் கடைசி மூன்று ஆண்டுகள் துணிச் சோதனை என் பொறுப்பில் இருந்தது. தாங்கள் ஆள் தேவை என்று எங்கும் அறிவித்ததாகத் தெரியவில்லை. இருந்தும் தங்களுக்கு எழுதக் காரணம், தங்கள் யூனிட்டில் தைத்த மூன்று டி-சர்ட்டுகள்தான்.

சென்ற மாதம் காதர்பேட்டையில் என் மகனுக்காக அவற்றை வாங்கினேன். தொழில் பழக்கத்தால் வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தோள்பட்டையில் டேப் வைத்துத் தைத்திருந்ததும், கழுத்து ரிப் எங்கும் சுருக்கம் விழாமல் உட்கார்ந்திருந்ததும், ஓவர்லாக் தையலில் ஓரிடத்திலும் நூல் விடுபடாததும், அந்த விலைக்கு நான் எதிர்பாராதவை. ஆனால் மூன்றாவது துவைப்புக்குப் பிறகு, 44 செ.மீ. இருந்த உடல் நீளம் 41.5 செ.மீ. ஆகிவிட்டது; பக்கத் தையலும் கீழ் விளிம்பில் ஏறத்தாழ 3 செ.மீ. முன்பக்கமாகத் திரும்பிவிட்டது. மூன்று சட்டைகளிலும் ஒரே திசையில் திரும்பியிருப்பதால், இது தையல்காரர்களின் குறை அல்ல என்றே நினைக்கிறேன். சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு அடங்காமல் இருந்தால் தையல் இப்படித் திரும்பும்; காம்பாக்டிங்கில் துணியை நீளவாக்கில் இழுத்திருந்தால் நீளம் இப்படிச் சுருங்கும். கட்டிங் மேஜைக்கு வரும்போது துணி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். துவைத்தால் மட்டுமே வெளியே தெரியும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சிறு யூனிட்டுகளில் பெரும்பாலும் தைத்து முடித்த பீஸைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள், வெட்டும் முன் துணியைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. வெட்டிய துணியைச் சாயப்பட்டறையும் திருப்பி எடுக்காது, நிட்டிங்காரரும் எடுக்கமாட்டார். ஆகவே நான் கேட்பது அந்த வேலையைத்தான். லாட் வந்ததும் ரோல்களில் எடை பார்ப்பது (100 சதுர செ.மீ. வட்டம் 1.6 கிராம் இருந்தால் 160 ஜிஎஸ்எம்), ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டிப் பக்கத்தில் பக்கம் வைத்து ஷேடு ஒப்பிடுவது, துணியில் 50 செ.மீ. அளவு குறித்துத் துவைத்துச் சுருக்கத்தையும் திருகலையும் அளப்பது, ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறவிட்ட பிறகே கட்டிங்குக்கு அனுப்புவது ஆகியவை அதில் அடங்கும். மீதி நேரத்தில் பவர் டேபிள் லைனிலேயே செக்கிங் பார்த்துக்கொள்கிறேன். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஜிஎஸ்எம் கட்டரும் சிறு தராசும் என்னிடமே உள்ளன.

நான் தவறே செய்யாதவள் அல்லள். 2022இல், ரிப் துணி வேறு லாட்டில் சாயமேறி வந்ததை ட்யூப் லைட் வெளிச்சத்தில் மட்டும் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டேன். தைத்து முடித்து வெயிலுக்குக் கொண்டுவந்தபோது உடல் ஒரு கருநீலமாகவும் கழுத்து வேறொரு கருநீலமாகவும் தெரிந்தன; 600 பீஸ்களின் கழுத்தைப் பிரித்து மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அடர்நிறத் துணியைப் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்க்காமல் நான் விடுவதில்லை.

கடந்த மார்ச்சில் அந்நிறுவனம் செக்கிங் பிரிவை ஊருக்கு வெளியே மாற்றியதால் வேலையை விட்டேன். மாதம் 20,000 ரூபாய் எதிர்பார்க்கிறேன். தங்கள் யூனிட்டின் வழக்கப்படி சனிக்கிழமை வாரச் சம்பளமாகக் கொடுத்தாலும் சம்மதமே. மகன் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தைக் கருதி, தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்க இயலாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். சரக்கு அனுப்பும் வாரங்களில் மட்டும் கூடுதல் நேரம் இருந்து முடித்துக்கொடுப்பேன்.

நிரந்தரமாக ஓர் ஆளைச் சேர்ப்பது தங்களுக்கு யோசனையாக இருந்தால், அடுத்து வரும் ஒரே ஒரு லாட்டை மட்டும் என்னிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அதற்கு நாட்கூலி போதும். சோதனை முடிவுகளைத் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். சாயப்பட்டறையிடம் பில் தொகையைப் பற்றிப் பேசும்போது அது தங்களுக்குக் கைகொடுக்கும்.

என் பணி விவரக் குறிப்பையும், துவைக்கும் முன்னும் பின்னும் அளவு நாடா வைத்து எடுத்த அந்தச் சட்டைகளின் படங்களையும் இணைத்துள்ளேன். தங்கள் மின்னஞ்சல் முகவரி சட்டை உறையில் இருந்தது. வரும் வாரம் எந்த நாளில் மாலை நான்கு மணிக்குள் வரச் சொன்னாலும், அந்தச் சட்டைகளுடன் நேரில் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. மகேஸ்வரி
திருப்பூர்