நெட் பங்கீடு: ஒரு யோசனை

மக்களே,

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செந்தில் மீட்டிங்கில் பேசப் பேச அவன் குரல் அறுந்து அறுந்து போனது. "யாருடா டவுன்லோட் போட்டிருக்கீங்க?" என்று கத்தினான். எல்லாரும் இம்ரானின் அறையைப் பார்த்தோம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த இம்ரான் உள்ளே நல்ல தூக்கத்தில் இருந்தான்.

அன்று மாலை ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். குற்றவாளி நான்தான். போன வாரப் பயணத்தில் எடுத்த வீடியோக்களை என் போன் தானாகவே கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தது. இம்ரானிடம் மன்னிப்பு கேட்டாயிற்று. இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நம் இணைப்பில் டவுன்லோட் 50 எம்பிபிஎஸ், அப்லோட் 10. நாம் சண்டை போடுவது அந்த 50-க்காக. இடறி விழுவது 10-ல். மீட்டிங்கில் நம் முகமும் குரலும் வெளியே போவது அந்தச் சின்ன வழியில்தான். ஒரு வீடியோ காலுக்கு அதிகம் போனால் 3, 4 எம்பிபிஎஸ். ஆகவே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் தாங்கும். ஆனால் ஒரே ஒரு போன் பேக்கப் எடுக்கத் தொடங்கினால் மிச்ச இடம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஹாலில் ஓடும் ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், அதுவும் டவுன்லோட் பக்கம். படம் பார்ப்பவனை முறைப்பதை இன்றோடு நிறுத்திவிடலாம்.

இதை வைத்து நான் யோசித்தது: மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பவனுக்கு முதல் இடம், காத்திருக்க முடிந்த வேலை காத்திருக்கட்டும்.

வேலை நாட்களில் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை போட்டோ பேக்கப், பெரிய ஃபைல் அப்லோட், கேம் அப்டேட் எதுவும் வேண்டாம். போன் செட்டிங்கில் பேக்கப்பை நிறுத்தி வையுங்கள், இரவில் போட்டுக்கொள்ளலாம். அலுவலகத்துக்கே பெரிய ஃபைல் அனுப்ப வேண்டியிருந்தால் குரூப்பில் ஒரு வரி போட்டுவிட்டு அனுப்புங்கள். இன்டர்வியூ, பிரசன்டேஷன் மாதிரி தவறவே கூடாதது இருந்தால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு லேன் கேபிள் அவருக்கு, ஹால் மேஜையும் அவருக்கு. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் முதலில் சொன்னவருக்குக் கேபிள்; மற்றவர் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பேசலாம். கார்த்தி, கடைசி அறையில் இரண்டு சுவர் தாண்டி உட்கார்ந்துகொண்டு சிக்னல் இல்லை என்று சொன்னால் அதற்கு நெட் பொறுப்பில்லை.

இரவு 8 முதல் 11 வரை பொழுதுபோக்குக்கு. இம்ரான் கேம் ஆடும்போது அவனுக்குத் தேவை பெரிய வேகம் இல்லை, தாமதம் இல்லாத லைன். அதனால் பேக்கப்புக்கான தடை இந்த நேரத்துக்கும் உண்டு. கேம் அப்டேட் வேறு கதை. 50 ஜிபி அப்டேட் முழு வேகத்தில் இறங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை மற்ற மூன்று பேரும் சுவரைப் பார்க்க வேண்டும். அதை 11 மணிக்கு மேல் டைமர் வைத்து ஓட விடு, இம்ரான். டிவியில் 4கே வேண்டாம், ஹெச்டி போதும். நம் டிவி அளவுக்கு எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. செவ்வாய், வியாழன் இரவு 9 மணிக்குக் கார்த்திக்கு மீட்டிங் இருப்பதால் அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு முன்னுரிமை.

ரவுட்டரில் ஒவ்வொருவருக்கும் வேகத்தைக் கட்டிப்போட வழி இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. யாரும் இல்லாத பகலில்கூட ஒருவன் கால்வாசி வேகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அட்மின் பாஸ்வேர்டை எழுதி ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் குரூப்பில் கேட்காமல் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். போன மாதம் மூன்று பேர் ஆளுக்கொரு முறை ரீஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் போனது.

பில் இப்போது போலவே நாலு சம பங்கு. பகலில் தூங்குகிறவன் ஏன் முழுப் பங்கு தர வேண்டும் என்று இம்ரான் கேட்டான், நியாயமான கேள்விதான். ஷிஃப்ட் இல்லாத நாட்களில் நடு இரவில் மொத்த லைனும் அவனுக்கே என்பது என் பதில். ஒப்புக்கொள்ளாவிட்டால் பேசலாம்.

இரண்டு வாரம் இப்படி ஓட்டிப் பார்ப்போமா? எது சரிப்படவில்லையோ அதை இந்தத் தாளிலேயே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஞாயிறு காலை எல்லாரும் வீட்டில் இருக்கும்போது உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம். பேனா ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

பிரபு