ஒரு போன், மூணு பசங்க: பெரும்பாக்கத்துல ஒரு குடும்பத்தோட ஒன்றரை வருஷம்

சென்னை பெரும்பாக்கம் குடியிருப்புல நாங்க நாலு பேரு சேர்ந்து சாயந்திர டியூஷன் நடத்துறோம். கொரோனா நேரத்துல அங்க பாத்த ஒரு குடும்பத்தோட கதை இது. பேரு போடாதீங்கன்னு பசங்களோட அம்மா, அந்த அக்கா, கேட்டுக்கிட்டாங்க, அதனால பெரியவ, நடுப்பையன், சின்னவ அப்படின்னே எழுதுறேன்.

2020 ஜூன்ல பெரியவ ஒன்பதாவது, பையன் ஆறாவது, சின்னவ ஒண்ணாவது. அக்கா ஓஎம்ஆர் பக்கம் ரெண்டு வீட்டுல வேலை பாத்தாங்க, லாக்டவுன்ல ஒரு வீடு நின்னு போச்சு. அவங்க வீட்டுக்கார அண்ணன் பெயிண்டர், வேலையே இல்லாம தம்பியோட வண்டிய வாங்கிக்கிட்டு சாப்பாடு டெலிவரிக்கு போக ஆரம்பிச்சாரு. வீட்டுல இருந்தது ஒரே ஒரு டச் போன், அக்காகிட்ட பட்டன் போன்.

ஆர்டர் வர்றது, வழி பாக்குறது, காசு கணக்கு எல்லாமே அந்த போன்லதான், அதாவது போன்தான் அண்ணனுக்கு தொழில். காலைல பத்து மணிக்கு அவரோட கிளம்பும், ராத்திரி பதினொண்ணுக்குத்தான் வீடு திரும்பும். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல டீச்சர் பாடம் போடுறது காலைல பத்தரைக்கு, நோட்டுல எழுதி மத்தியானத்துக்குள்ள போட்டோ அனுப்பணும். அனுப்பலன்னா ஆப்சென்ட். பெரியவ ராத்திரி பதினொண்ணுக்கு மேல உக்காந்து மூணு பேரோட குரூப்பையும் ஒவ்வொண்ணா திறந்து, தம்பி தங்கச்சி வீட்டுப்பாடத்தையும் காப்பி பண்ணி வச்சிட்டு தன்னோடத எழுதுறப்போ மணி ஒண்ணு ஆயிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா, அதுல பாதி அண்ணனோட வேலைக்கே போயிடும், மிச்சத்துல மூணு பேருக்கும் வீடியோ எப்படி ஓடும்?

கல்வித் தொலைக்காட்சி இருந்துச்சே, ஆமா, அது உண்மையிலேயே உதவுச்சு. அரசு கேபிள்ல 200ஆவது சேனல், டேட்டா தேவையில்ல. ஆனா டிவியில போற பாடத்த நிறுத்தி மறுபடி கேக்க முடியாது, விட்டுப்போனத பாக்கணும்னா யூடியூப்புக்கு போகணும், அதுக்கு திரும்பவும் அந்த போன் வேணும்.

செப்டம்பர்ல அக்கா வேலை செய்ற வீட்டுல 8,000 ரூபா முன்பணம் வாங்கி இன்னொரு போன் எடுத்தாங்க, மாசம் ஆயிரம் சம்பளத்துல பிடிச்சாங்க. இனிமே பிரச்சினை தீந்துடும்னுதான் நாங்களும் நெனச்சோம், தீரல. அந்த போன் நேரா பையன் கைக்கு போச்சு, அவன் போன் இல்லன்னா படிக்க உக்கார மாட்டான்னு சொன்னாங்க, பெரியவ சமாளிச்சுக்குவான்னும் சொன்னாங்க. அவளும் ஒரு வார்த்தை கேக்கல, அம்மா வேலைக்கு போனதும் சமையல், தண்ணி பிடிக்கிறது, சின்னவள பாத்துக்குறதுன்னு அவ பகல் முழுக்க போயிடும். நான் அவகிட்ட கேட்டப்போ "எனக்கு ராத்திரி போதும் அக்கா"ன்னு சொன்னா, அது இன்னும் மனசுல உறுத்துது.

கிராமத்து பசங்களோட படிப்ப பத்தி எடுக்குற ஏசர் சர்வே 2021ல வந்துச்சு, அத இந்த இடத்துல சொல்லணும். இந்திய கிராமங்கள்ல ஸ்கூல்ல சேந்திருந்த பசங்கள்ல கிட்டத்தட்ட 68 சதவீதம் பேரோட வீட்டுல ஸ்மார்ட்போன் இருந்துச்சு, 2018ல அது 36.5தான். ஆனா போன் இருக்குற வீட்டுலயே நாலுல ஒரு பிள்ளைக்கு அது படிக்க கிடைக்கல. பெரும்பாக்கம் கிராமம் இல்ல, ஆனா நான் கண்ணால பாத்தது அதேதான். வீட்டுல போன் இருக்கான்னு மட்டும் கேட்டா இந்த குடும்பம் "இருக்கு"ன்னு டிக் ஆகி பிரச்சினை இல்லாதவங்க லிஸ்ட்ல போயிடும், அது எவ்ளோ நேரம் யார் கையில இருக்குன்னு கேக்கணும்.

எங்களுக்கு பலன் குடுத்தது ரொம்ப சாதாரணமான ரெண்டு விஷயம். ஒண்ணு, வாட்ஸ்அப் பாடத்த பேப்பர்ல எடுத்து பிளாக்குக்கு கீழ வச்சு வாரத்துக்கு ரெண்டு நாள் குடுத்தோம், ஜெராக்ஸ் செலவு நாங்க நாலு பேரும் போட்டுக்கிட்டோம். ரெண்டாவது, பெரியவளோட கிளாஸ் டீச்சர்கிட்ட நிலைமைய சொன்னோம், அவங்க அக்காவோட பட்டன் போனுக்கு சாயந்திரம் ஏழு மணிக்கு மேல கூப்பிட்டு பத்து நிமிஷம் கணக்கு சொல்லிக் குடுத்தாங்க. அவளுக்கு சந்தேகம் கேக்க ஆள் கிடைச்சதே அப்பதான், அதுக்கப்புறம் நோட்டுல வெத்து பக்கம் குறைஞ்சது.

2021 பிப்ரவரில ஒன்பதாவதுக்கு ஸ்கூல் திறந்து, அந்த மாசமே ஆல் பாஸும் சொல்லி, மார்ச்ல திரும்ப மூடுனாங்க. செப்டம்பர்ல பத்தாவதுக்கு போனப்போ இயற்கணிதம் அடிப்படையே அவளுக்கு தடுமாறுச்சு, எட்டாவது புக்குல இருந்து திரும்ப ஆரம்பிச்சோம்.

சின்னவளுக்கு நவம்பர் 1, 2021லதான் ஸ்கூல் திறந்துச்சு. ஒண்ணாவது முழுசையும் பாக்காம நேரா ரெண்டாவது. அன்னைக்கு சாயந்திரம் டியூஷனுக்கு வந்து, "அங்க எல்லாருக்கும் தனித்தனி புக்கு அக்கா, யார்கிட்டயும் கேக்க வேணாம்"னு சொன்னா.