முதல் அத்தியாயத்தின் மாதிரித் திருத்தம் குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் மின்னஞ்சலும் தன்வரலாற்றின் முதல் அத்தியாயமும் கிடைத்தன. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். உங்கள் அத்தை கரித்துண்டால் சுவரில் கூட்டல் கணக்குப் போட்டுக் காட்டும் பகுதியை மறுபடியும் படித்தேன். இந்த நூலில் பணியாற்ற எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு.

அந்த 18 பக்கங்களையும் மாதிரிக்காகக் கட்டணமின்றித் திருத்தித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். அது என்னால் இயலாது. ஒரு நூலில் அதிக உழைப்பைக் கேட்பது முதல் அத்தியாயம்தான். பெயர்களை எப்படி எழுதுவது, ஆண்டுகளையும் வயதையும் எண்ணாலா எழுத்தாலா குறிப்பது, உரையாடலில் பேச்சுவழக்கை எவ்வளவு விட்டுவைப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். மற்ற அத்தியாயங்கள் அதே வழியில் போகும். அதைச் செய்து கொடுத்தால் மாதிரியைத் தந்தவனாக மாட்டேன்; வேலையின் கடினமான பகுதியையே முடித்துத் தந்தவனாவேன். இன்னும் இருவரிடமும் இதே அத்தியாயத்தை அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற இருவரின் பல நாள் உழைப்பு வீணாகும். அவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

முன்பின் அறியாத ஒருவரிடம் வாழ்நாள் நினைவுகளை ஒப்படைக்க நீங்கள் தயங்குவது நியாயம்தான். அதனால் படிக்கும்போது கண்ணில் பட்ட இரண்டைச் சொல்கிறேன். 4ஆம் பக்கத்தில் அத்தை 1961இல் காலமாகிறார்; 15ஆம் பக்கத்தில் 1963இல் நடக்கும் உங்கள் அக்காவின் திருமணத்தில் பந்தி பரிமாறுகிறார். எந்த ஆண்டு சரி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்து, தந்தையின் வேலை பறிபோன செய்தி ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் புதைந்து கிடக்கிறது. அதைத் தனி வாக்கியமாக்கிப் பத்தியின் முதலில் வைத்தால், பிறகு வரும் அம்மாவின் மௌனம் வாசகருக்கு உடனே விளங்கும்.

இத்துடன், நூலாசிரியர் ஒருவரின் அனுமதியோடு, நான் செம்மைப்படுத்திய மூன்று பக்கங்களைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னுமாக இணைத்துள்ளேன். உங்கள் எழுத்திலேயே பார்க்க வேண்டுமென்றால், நீங்கள் விரும்பும் இரண்டு பக்கங்களை என் வழக்கமான பக்கக் கட்டணத்தில் திருத்தித் தருகிறேன். முழு நூலையும் என்னிடம் தந்தால் அந்தத் தொகையை மொத்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். தராவிட்டாலும் அந்த இரண்டு பக்கங்கள் உங்களுடையவை, தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மாதிரிப் பக்கங்கள் வேண்டுமென்றால் பக்க எண்களை மட்டும் எழுதுங்கள். கட்டணம், கால அளவு, எத்தனை முறை திருத்தம் பார்ப்பது ஆகியவற்றைக் குறித்த ஒரு பக்க ஒப்பந்தத்தை அன்றே அனுப்புகிறேன். நீங்கள் ஒப்புதல் தெரிவித்த நான்காம் நாள் திருத்திய பக்கங்கள் உங்கள் கையில் இருக்கும். பேசிப் பார்த்து முடிவு செய்ய விரும்பினால் வியாழன் அல்லது வெள்ளி மாலை 5 மணிக்கு மேல் அழையுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

அத்தை காலமான ஆண்டை மட்டும், யாரிடம் பணியைக் கொடுத்தாலும், ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
பிரதிச் செம்மையாக்குநர்