பரிசுக் கூப்பனின் பின்பக்கம்

பெரியம்மா, போட்டோவில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. பெரிதாக்கிப் படித்து அப்படியே தமிழில் தருகிறேன்.

"கூப்பன் மதிப்பு ₹1,000. முத்திரையில் உள்ள தேதியிலிருந்து 6 மாதம் வரை செல்லும். அதற்குப் பின் நீட்டிக்கப்படாது. ஒரே பில்லில் குறைந்தது ₹2,500-க்கு வாங்கினால் மட்டுமே பயன்படுத்தலாம். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன். ரொக்கமாக மாற்ற இயலாது. மீதித் தொகை திருப்பித் தரப்படாது. தங்க, வெள்ளி நாணயங்கள், செல்போன், குழந்தைகளுக்கான பால் பவுடர், தள்ளுபடி விற்பனைப் பொருட்கள் ஆகியவற்றுக்குக் கூப்பன் செல்லாது. இவற்றின் விலை குறைந்தபட்சத் தொகையிலும் சேராது. அசல் கூப்பனைக் கொடுக்க வேண்டும். தொலைந்தால் மாற்றுக் கூப்பன் கிடையாது."

குறைந்தபட்சத் தொகையில் சேராது என்ற அந்த விஷயத்தில்தான் மாட்டிக்கொள்வோம். நீங்கள் சொன்ன புடவை ₹2,100, பேரனுக்குப் பால் பவுடர் ₹600. கூட்டினால் ₹2,700 வருகிறது, ஆனால் பவுடரைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இன்னும் ₹400-க்கு ஏதாவது வேண்டும். ஜாக்கெட் துணியும் உள்பாவாடையும் எடுத்தால் சரியாகிவிடும். வெள்ளிக் குத்துவிளக்கு பற்றிக் கேட்டீர்களே, நாணயம் என்றுதான் போட்டிருக்கிறது, விளக்கைச் சொல்லவில்லை. பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், முத்திரையில் மாதம் அழிந்திருக்கிறது. 3 போலவும் இருக்கிறது, 8 போலவும் இருக்கிறது. 3 என்றால் இந்த செப்டம்பரோடு முடிந்துவிடும். கூப்பனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.