"நேராப் பாரு" குறும்படம்: நிதி திரட்டும் வீடியோவுக்கான புது ஸ்கிரிப்ட்

யாழினிக்கு,

உன் ஸ்கிரிப்டை மூன்று தடவை படித்தேன். கதை ரொம்ப நல்ல கதை. ஆனால் ஐந்தே முக்கால் நிமிட வீடியோவில் அந்தக் கதை இரண்டாவது நிமிடம் தாண்டித்தான் வருகிறது. அதுவரை சினிமா மீது உனக்கு இருக்கும் காதலைச் சொல்கிறாய். பணம் கேட்பதோ கடைசி அரை நிமிடத்தில், "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கூச்சத்தோடு வருகிறது. எவ்வளவு, எதற்கு, எப்போதைக்குள் என்று எங்குமே இல்லை. பார்ப்பவருக்கு உன்மேல் பிரியம் வரும். கையில் ஃபோன் இருந்தும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது.

நான் செய்தது ஒரே ஒரு பெரிய மாற்றம். உன் கதை முழுக்க இரவில் நடக்கிறது, இரவில் படமெடுக்க வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்குத்தான் பணம். கதையைச் சொல்லிக்கொண்டே போனால் பணம் கேட்கும் இடம் தானாக வந்துவிடுகிறது. தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. இந்த வரிசையை மட்டும் கலைக்காதே, மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எழுத்து நடையில் எழுதியிருக்கிறேன். ரெக்கார்ட் பண்ணும்போது உன் வாயில் எப்படி வருகிறதோ அப்படிப் பேசு.

1. திறப்பு

(கறுப்புத் திரை. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம். திணறி நிற்கிறது. மறுபடி ஸ்டார்ட். டெஸ்ட் ஷூட்டில் எடுத்த ஷாட்: தரையோடு தரையாக காமிரா, ஸ்கூட்டரின் இருபக்கமும் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும் இரண்டு கால்கள். செருப்பின் முன்பக்கம் தேய்ந்து வாய் பிளந்திருக்கிறது.)

மகளின் குரல்: அம்மா, காலைத் தூக்கு.

அம்மாவின் குரல்: தூக்கினா விழுந்துருவேன்டி.

மகளின் குரல்: கீழ பாக்காத. நேராப் பாரு.

(படத்தின் பெயர்: நேராப் பாரு)

உன் டெஸ்ட் ஷூட்டில் ஆக நல்ல ஷாட் இந்தச் செருப்புதான். அதை நாலாவது நிமிடத்தில் ஒளித்து வைத்திருந்தாய். இருபது விநாடி ஓடட்டும், மேலே இசை போடாதே.

2. கதை

(யாழினி நேராக காமிராவைப் பார்த்துப் பேசுகிறாள். பின்னால் அதே காலி மைதானம், மாலை வெளிச்சம்.)

யாழினி: வணக்கம், நான் யாழினி. இது என் முதல் படம்.

செல்விக்கு 46 வயது. இருபது வருடமாக வண்டியில் பின்சீட்டில் மட்டுமே உட்கார்ந்து பழகியவர். முதலில் கணவர் ஓட்டினார். அவர் போன பிறகு மகள் ஓட்டுகிறாள். இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. பத்து நாளில் கிளம்ப வேண்டும். அதற்குள் செல்வி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால்தான் தன் வேலைக்குப் போக முடியும்.

(டெஸ்ட் ஷாட்: அம்மா முன்னால், மகள் பின்சீட்டில். மகளின் கை அம்மாவின் தோளைப் பற்றியிருக்கிறது.)

யாழினி: விழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் பழகுகிறார்கள். அம்மா முன்னால், மகள் பின்னால். செல்வியின் கால் மெல்ல மெல்லத் தரையை விட்டு எழும்புகிறது. ஆனால் மகளின் கைதான் அம்மாவின் தோளை விட மாட்டேன் என்கிறது.

18 நிமிடப் படம். முழுக்க இரவில் நடக்கிறது.

உன் ஸ்கிரிப்டில் இந்தக் கதைக்கு "பெண் விடுதலையைப் பேசும் படைப்பு" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். தோளில் இருக்கும் கையைப் பார்த்தவுடனே ஆளுக்கு ஆள் அவரவர் அம்மா ஞாபகம் வரும். நீ கருத்தைச் சொல்லிவிட்டால் அந்த ஞாபகம் வருவதற்கு இடமில்லாமல் போய்விடும். முடிவையும் சொல்லவில்லை, கவனி. செல்வி ஓட்டினாரா இல்லையா என்பது படத்துக்குத்தான்.

3. ஏன் நான்

யாழினி: என் அம்மாவுக்கு நான்தான் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா முதல்முறை தனியாக வண்டியைத் திருப்பிக்கொண்டு என்னை நோக்கி வந்தபோது, எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்தப் படம்.

இவ்வளவு போதும். சிறுவயதுக் கனவு, வேலையை விட்டது, வீட்டில் எதிர்ப்பு எல்லாவற்றையும் இங்கிருந்து எடுத்துவிட்டேன். அவை உண்மைதான், உனக்கு வலித்தவைதான். ஆனால் இந்தப் படத்தை நீதான் எடுக்க வேண்டும் என்பதற்கு உன் அம்மாவை விடப் பெரிய காரணம் அவற்றில் எதுவும் இல்லை.

4. வெளிச்சம்

(திரை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம்: தெருவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுத்தது. முகம் இருட்டு, படம் முழுக்கப் புள்ளி. வலப்பக்கம்: அதே இடம், அதே நடிகை, வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லைட். கண் தெரிகிறது.)

யாழினி: இடப்பக்கம் இருப்பது தெருவிளக்கில் நாங்கள் எடுத்தது. செல்வி பயப்படுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. வலப்பக்கம் அதே இடத்தில் ஒரு லைட் வைத்து எடுத்தது. இந்த வித்தியாசத்துக்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

இடப்பக்க ஷாட்டை நீ மறுபடி எடுக்க வேண்டும். இப்போது இருப்பதில் விளக்கு மினுக்குகிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை 1/50 இல் வைத்து எடு, மினுக்கல் போய்விடும். நாம் காட்ட வேண்டியது இருட்டை. மினுக்கல் இருந்தால் காமிரா சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் லென்ஸ், ஐஎஸ்ஓ எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். வேண்டுமென்றே மோசமாக எடுத்ததாக யாருக்கும் தோன்றக் கூடாது.

5. கேட்பது

(யாழினி மறுபடி காமிராவைப் பார்த்து. எண்கள் ஒவ்வொன்றும் சொல்லும்போதே திரையில் எழுத்தாக வருகின்றன.)

யாழினி: ஐந்து இரவு படப்பிடிப்பு. படத்தின் மொத்தச் செலவு 5,40,000 ரூபாய். அதில் 90,000 என் சேமிப்பு. பயணம், சாப்பாடு, பாதுகாப்பு ஏற்பாடு, இந்த இணையதளத்துக்கான கட்டணம் எல்லாம் அதில் முடிந்துவிடும்.

மீதி 4,50,000 ரூபாயை உங்களிடம் கேட்கிறேன்.

லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் 1,60,000. வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் சம்பளம் 1,20,000. காமிராவும் ஒலிக் கருவிகளும் வாடகைக்கு எடுக்க 1,10,000. ஒலிக்கலவை, கலர் வேலைக்கு 60,000.

450 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் செல்வியின் முகம் இருட்டில் தெரியும்.

(ஒரு மூச்சு விடு. இந்த வரிக்குப் பிறகு அவசரப்படாதே.)

யாழினி: 1,000 ரூபாய் கொடுப்பவர்களின் பெயர் படத்தின் இறுதியில் வரும். படத்தை எல்லோருக்கும் முன்னால் நீங்கள் பார்க்கலாம். நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் முழுத் தொகை சேராவிட்டால் ஒரு ரூபாய்கூட எனக்கு வராது, கொடுத்த பணம் அப்படியே உங்களுக்குத் திரும்பிவிடும். சேர்ந்துவிட்டால் ஜனவரியில் படப்பிடிப்பு, ஜூனுக்குள் படம் உங்கள் கையில். ஜனவரியில் மழை வந்து ஒரு இரவு கெட்டுப்போனால், அதை ஈடுகட்டும் திட்டம் கீழே எழுதியிருக்கிறேன்.

"நீங்கள்தான் இந்தப் படத்தின் தயாரிப்பாளர்கள், லாபத்தில் பங்கு உண்டு" என்று நீ எழுதியிருந்ததைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். லாபத்தில் பங்கு என்று பொதுமக்களிடம் சொல்லிப் பணம் வாங்கினால் அது முதலீடு திரட்டுவதாகிவிடும், அதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. குறும்படத்தில் லாபம் வருவதும் அபூர்வம். கொடுக்க முடிந்ததை மட்டும் சொல்.

சம்பளத்தை இரண்டாவதாகச் சொல்லியிருப்பது யோசித்துத்தான். நண்பர்கள் சும்மா வந்து உழைப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய். ஐந்து ராத்திரி கண்விழிப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்வது உனக்கு மரியாதை, அவர்களுக்கும் மரியாதை.

6. முடிப்பு

(டெஸ்ட் ஷாட்: முதலில் பார்த்த அதே வண்டி, இப்போது பின்பக்கமிருந்து. எல் போர்டு தெரிகிறது. கால்கள் இன்னும் தரையில்.)

யாழினி: இந்த வீடியோவுக்குக் கீழே பட்டன் இருக்கிறது. இப்போதே கொடுக்க முடிந்தால் இப்போதே கொடுங்கள். முடியாவிட்டால், உங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவருக்கோ, நீங்கள் சொல்லிக்கொடுத்தவருக்கோ இதை அனுப்புங்கள்.

(திரையில்: 4,50,000 ரூபாய். நவம்பர் 30 வரை.)

ஸ்கிரிப்ட் இவ்வளவுதான். இன்னும் சில விஷயங்கள்.

"மந்தன்" பற்றி நீ எழுதிய பகுதி எனக்கும் பிடித்தது. 1976இல் குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டு ஷியாம் பெனகல் எடுத்த படம் அது, யாருக்குச் சொன்னாலும் நெஞ்சு நிமிரும். ஆனால் வீடியோவில் நாற்பது விநாடி அதற்குப் போனால் செல்வியை மறந்துவிடுகிறோம். பாதித் தொகை சேர்ந்தவுடன் கொடுத்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவாய் அல்லவா, அதில் வை. அங்கே அது பொருத்தமாக இருக்கும்.

டெஸ்ட் ஷாட்டில் நடிகை ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுகிறார். முதல் கமெண்ட்டே அதைப் பற்றித்தான் வரும், நியாயமும் அதுதான். முடிப்பு ஷாட்டையும் பின்சீட்டு ஷாட்டையும் ஹெல்மெட்டோடு திரும்ப எடு, இரண்டு பேருக்கும். செருப்பு ஷாட்டில் தலை தெரியாததால் அது அப்படியே இருக்கட்டும்.

சப்டைட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டாயம் போடு. நிறையப் பேர் பஸ்ஸிலோ ஆபீஸிலோ சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். எண்கள் வரும் இடத்தில் சப்டைட்டிலும் பெரிய எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்.

ஐந்தாவது பகுதியைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும், எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். அதனால் அந்தப் பகுதியை முதலில் ரெக்கார்ட் பண்ணு, களைத்துப்போன பிறகு வேண்டாம். "4,50,000 ரூபாயை உங்களிடம் கேட்கிறேன்" என்று சொல்லும்போது சிரித்து மழுப்பாதே, கண்ணைக் கீழே போடாதே. ஒரு வேலைக்கு ஆகும் செலவைச் சொல்கிறாய், அவ்வளவுதான்.

ஃபோனிலேயே ஒரு தடவை முழுதாகப் பேசி ரெக்கார்ட் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மூன்றாவது பகுதியில் குறைக்கலாம். ஐந்தாவதில் ஒரு எண்ணையும் குறைக்க வேண்டாம்.

அன்புடன்,
எடிட்டர் அக்கா